"கணக்கை மூடிவிடுவோம்" என்று வரும் அழைப்பும், பெரியவர்களுக்கு அனுப்ப ஒரு நிமிடக் குரல் பதிவும்

"ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கை சேலத்தில் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்துகொண்டே இருக்கிறது. சிவப்பு எழுத்தில் படமாக வருகிறது, போலீஸ் அதிகாரி பேசும் வீடியோவாக வருகிறது, பெரியவர்களும் அதற்குக் கும்பிடு போட்டு ஒரு குறி அனுப்பிவிடுகிறார்கள். அப்படியும் பணம் போகிறது. எச்சரிக்கையைப் பார்த்தவர்களிடமிருந்தே போகிறது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். கவனித்துப் பார்த்தால் காரணம் எளிதுதான்: கூப்பிடுகிறவன் "ஓடிபி" என்ற சொல்லையே எடுப்பதில்லை. "அம்மா, உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க, அதுல ஆறு நம்பர் இருக்கும், அதை மட்டும் படிங்க" என்கிறான். வெரிஃபிகேஷன் நம்பர், ரெஃபரன்ஸ் நம்பர், கன்ஃபர்மேஷன் நம்பர் என்று வாய்க்கு வந்த பெயர் வைக்கிறான். குழுவில் வந்த படத்தில் இருந்த மூன்றெழுத்துக்கும் தன் காதில் விழும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுபது வயதுக்காரருக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "யாருக்கும் சொல்லாதே" என்று நாம் சொல்கிறோம், ஆனால் அதே பெரியவர்கள் மாதா மாதம் இப்படி ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலிண்டர் கொண்டு வருகிறவர் வாசலில் நின்று போனுக்கு வந்த எண்ணைக் கேட்கிறார், சொன்னால்தான் டெலிவரி பதிவாகும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆதாருக்கு வந்த எண்ணைக் கேட்கிறார், சொன்னால்தான் வேலை நடக்கும். இந்த இரண்டும் முறையான வேலைகள். ஆக "யாருக்கும்" என்ற விதி அன்றாட வாழ்க்கையில் பொய்யாகிப் போய்விடுகிறது, பொய்யான விதியை மனசு மெல்ல ஒதுக்கி வைத்துவிடும். பெரியவர்களுக்கு நாம் தர வேண்டிய விதி இன்னும் குறுகலாக, இன்னும் உண்மையாக இருக்க வேண்டும்: போன் பண்ணி, கணக்கைக் காட்டிப் பயமுறுத்தி, எண்ணைக் கேட்டால் சொல்லாதே. அவ்வளவுதான்.

பயமுறுத்தல் ஏன் பலிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேஒய்சி புதுப்பித்தல் என்பது நிஜமாகவே இருக்கிற ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி சாதாரண வாடிக்கையாளர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை தங்கள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், சிலவகைக் கணக்குகளுக்கு எட்டு வருடம், சிலவற்றுக்கு இரண்டே வருடம். 2014 கடைசியிலும் 2015இலும் ஜன்தன் திட்டத்தில் ஏராளமான கணக்குகள் திறந்தார்களே, அவற்றுக்குப் பத்து வருடம் முடிந்ததால் 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சி அளவில் முகாம் போட்டுப் புதுப்பித்தார்கள். ஆக வங்கியிலிருந்து "கேஒய்சி செய்யுங்கள்" என்று உண்மையான குறுஞ்செய்தி வந்த அதே கைப்பேசிக்கு மோசடிக்காரனும் கூப்பிடுகிறான். "கேஒய்சின்னு சொன்னாலே பொய்" என்று நாம் எச்சரித்தால் அது எடுபடாது, ஏனென்றால் வங்கியிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் தூரம். ஏற்காட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டி இருப்பவருக்கு வங்கி பக்கத்தில்தான். நாகலூர் பக்கமோ அதையும் தாண்டிய சிற்றூர்களிலோ இருப்பவருக்கு அப்படி இல்லை, பஸ் வரும் நேரம் பார்த்துக் கிளம்பினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வருகிறது, "இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிக்கலைன்னா கணக்கு மூடிடும்" என்கிறான். அந்த இரண்டு மணி நேரத்தில் மலையில் இருப்பவர் வங்கிக்குப் போய்ச் சேர முடியாது என்பதால், போனில் பேசுகிறவன் காட்டும் வழி ஒன்றுதான் வழி என்று தோன்றிவிடுகிறது. சேலத்திலேயே அம்மாப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ இருந்தாலும் மூட்டுவலியோடு ஆட்டோ பிடித்துப் போக வேண்டியவருக்கு நிலைமை இதேதான்.

அந்த ஐந்து மணிக் கெடு கட்டுக்கதை. ஆனால் அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஒரு கெடு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் மொத்த விஷயமும் விளங்கிவிடும். உதாரணத்துக்கு ஒரு அழைப்பை எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் வேலையில் இருந்து ஓய்வு பெற்று மாதம் ஒரு சின்ன பென்ஷன் வாங்கும் அம்மா ஒருவர், கணக்கில் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று வையுங்கள். முதலில் பெயரையும் ஊரையும் சொல்லி நம்ப வைக்கிறான், இந்த விவரங்கள் எங்கெங்கோ கொடுத்த படிவங்களிலிருந்து கைமாறி அவனிடம் இருக்கும். பிறகு "சரிபார்க்க" என்று ஏடிஎம் கார்டின் முன்பக்கம் உள்ள பதினாறு எண்களைக் கேட்கிறான், முடியும் தேதியைக் கேட்கிறான். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மெல்லப் படிக்கப் படிக்க, அவன் தன் பக்கத்தில் அந்தக் கணக்குக்கு இணைய வங்கி வசதியை அம்மா பெயரிலேயே பதிவு செய்கிறான். சில வங்கிகளில் இதைக் கார்டு விவரமும் கைப்பேசிக்கு வரும் எண்ணும் வைத்தே செய்துவிடலாம். அந்த இடத்தில் வங்கியின் கணினி ஒரு எண்ணை அம்மாவின் போனுக்கு அனுப்புகிறது, முதல் எண் அது. "தப்பா வந்திருக்கு, இன்னொன்னு வரும்" என்று இரண்டாவது எண்ணைக் கேட்கிறானே, அது பணம் போக வேண்டிய புதுக் கணக்கைச் சேர்ப்பதற்கு. மூன்றாவது எண்தான் பணத்தை அனுப்புவதற்கு. வங்கிக்கு வங்கி இந்த வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஒரு கதவு என்பது மாறாது.

அந்த மூன்றாவது செய்தி கைப்பேசியில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
482913 is OTP for transfer of Rs 24,500.00
from A/c XX7710. Valid for 5 mins.
Do not share with anyone.
```

நமக்கு இது தெளிவாகத் தெரிகிறது. இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிளம்பப் போகிறது, யாரிடமும் சொல்லாதே என்று வங்கியே எழுதியிருக்கிறது. ஆங்கிலம் படிக்காதவர் கண்ணில் இதில் எண்கள் மட்டும்தான் படும், எச்சரிக்கை வரி வெறும் கோடுதான். "முதல்ல இருக்கிற ஆறு நம்பர் மட்டும் போதும்மா" என்று அவன் சொல்வதே அடுத்து இருக்கிற 24,500 மீது கண் போகாமல் இருக்கத்தான். அந்த மூன்றாவது வரியைப் பார்க்கவும் விடமாட்டான், பேசிக்கொண்டே இருப்பான்.

கெடு எங்கே இருக்கிறது என்றால் இரண்டாவது வரியில். இந்த எண்களுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அதற்குள் அம்மா வாயிலிருந்து எண் வரவில்லை என்றால் அவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் அவன் லைனை விடுவதே இல்லை. "போனை வைக்காதீங்க", "பக்கத்துல யாரையும் கேக்காதீங்க", "பையனுக்குச் சொன்னா கேன்சல் ஆயிடும்" என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். மலையில் சிக்னல் இல்லாமல் மெசேஜ் தாமதமாக வந்தால் அவன் குரலில் கோபம் ஏறுவதைக் கவனிக்கலாம். போனை வைத்துவிட்டால் அவன் வேலை அங்கேயே நின்றுபோகிறது. அந்த அம்மாவுக்கு மோசடி பற்றியோ தொழில்நுட்பம் பற்றியோ எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வைத்துவிட்டால் போதும்.

அதனால் எச்சரிக்கை முழுவதையும் இந்த ஒரு செயலைச் சுற்றி அமைக்க வேண்டும் என்பது என் முடிவு. எழுத்தாக வேண்டாம், குரலாக. பார்வை மங்கினவர்களும் படிக்கத் தெரியாதவர்களும் அதைக் கேட்க முடியும், ஒருமுறை இறங்கிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் திரும்பக் கேட்கலாம், முக்கியமாகத் தெரிந்த குரல். இதோ நான் என் சின்னம்மாவுக்கு அனுப்பும் வடிவம், உங்கள் வீட்டு முறைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

> "சின்னம்மா, நான்தான் பேசறேனுங்க. சாப்பிட்டீங்களா? ஒரே ஒரு விஷயம் சொல்லணும், கொஞ்சம் கேளுங்க.
>
> யாராச்சும் போன் பண்ணி, 'பேங்க்ல இருந்து பேசறோம், உங்க அக்கவுண்ட் இன்னைக்கு க்ளோஸ் ஆயிடும், உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைப் படிச்சுச் சொல்லுங்க'ன்னு கேட்டா, பதிலே பேசாதீங்க. சிவப்பு பட்டனை அமுக்கி வச்சுடுங்க. மரியாதை இல்லாம வச்சுட்டோமேன்னு நினைக்காதீங்க. அவன் நல்லாத்தான் பேசுவான், உங்க பேரு, ஊரு, பேங்க் பேரு எல்லாம் சொல்லுவான். அப்பவும் வச்சுடுங்க. திரும்பக் கூப்பிடுவான், எடுக்காதீங்க.
>
> உங்க கணக்கு போன்ல எல்லாம் மூடாதுங்க, பணம் எங்கயும் போகாது. பேங்க்ல நெசமாவே ஏதாச்சும் வேலை இருந்தா நானே லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.
>
> சிலிண்டர் போடற தம்பி வாசல்ல நின்னு கேட்டா அது வேற, சொல்லுங்க. போன்ல கேட்டா மட்டும் சொல்லவே சொல்லாதீங்க.
>
> ஒருவேளை நம்பரைச் சொல்லிட்டீங்கன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க, ராத்திரி பன்னெண்டு மணியானாலும் சரி. நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். நான் எடுக்கலைன்னா 1930, ஒன்னு ஒம்பது மூணு சைபர், இந்த மாதிரி ஏமாத்து வேலையைச் சொல்றதுக்குன்னே இருக்கிற அரசாங்க நம்பர், அதுக்குப் போட்டுச் சொல்லுங்க. வச்சுடறேன் சின்னம்மா."

பேசிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயோ கொஞ்சம் கூடவோ முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் பெரியவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

இதில் மோசடிக்காரனின் வாக்கியத்தை அப்படியே பேசிக் காட்டுவது வேண்டுமென்றே வைத்தது. நிஜ அழைப்பு வரும்போது, அதே சொற்கள் காதில் விழும்போது, "இதைத்தானே நம்ம பதிவுல கேட்டோம்" என்று பொறி தட்ட வேண்டும். "சைபர் குற்றவாளிகள் பல்வேறு நூதன வழிகளில்" என்று ஆரம்பித்தால் அந்தப் பொறி தட்டவே தட்டாது. மரியாதை பற்றிய வரியும் அப்படித்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் எதிரில் பேசுகிறவர் முடிக்காமல் போனை வைக்க மாட்டார்கள், அது அவர்கள் வளர்ந்த விதம், அவன் "அம்மா", "ஐயா" என்று கூப்பிடக் கூப்பிட இன்னும் கட்டுப்படுவார்கள். வைக்கலாம் என்று வீட்டு ஆள் ஒருவர் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட வேண்டும்.

"பணம் எங்கயும் போகாது" என்பது ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை. கேஒய்சி தாமதமானால் வங்கி முறைப்படி அறிவிப்பு கொடுத்து, பிறகு கணக்கில் சில பரிவர்த்தனைகளைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் கிளைக்குப் போய்ப் புதுப்பித்தால் சரியாகிவிடும், விவரத்தில் மாற்றம் இல்லை என்றால் ஒரு சுய அறிவிப்பே போதும். இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று வகைப்படுத்துவார்கள், அப்போதும் வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கும், மறுபடி இயக்குவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பத்து வருடம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படும், அங்கிருந்தும் உரியவரோ வாரிசோ கேட்டு வாங்கலாம். பயத்தில் இருக்கிற பெரியவருக்கு இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதிவு அனுப்புகிற நமக்குத் தெரிந்திருந்தால் குரலில் ஒரு உறுதி வரும்.

பதிவில் நான் வேண்டுமென்றே விட்டவையும் உண்டு. வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது, வங்கிகளின் இணைய முகவரிகளும் அதே வருடம் .bank.in என்று முடியும்படி மாறின. நமக்கு இவை உபயோகம். போன் திரையில் எண்ணை உற்றுப் பார்த்து முதல் நான்கு இலக்கத்தைச் சரிபார் என்று பெரியவரிடம் சொன்னால் எண்ணைப் பார்க்கப் போய்ப் பேச்சில் மாட்டிக்கொள்வார். அதோடு 1600இலிருந்து வந்தாலும் எண்ணைப் படித்துச் சொல்லக் கூடாதுதான். லிங்க்கைத் தொடாதே, அனுப்புகிற ஆப்பை ஏற்றாதே என்பதும் மிக அவசியம், ஏனென்றால் கேஒய்சி ஆப் என்று அனுப்பும் கோப்பை ஏற்றிவிட்டால் குறுஞ்செய்தியை அதுவே படித்து அனுப்பிவிடும், வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அதைத் தனிப் பதிவாக இன்னொரு நாள் அனுப்புவதே நல்லது. ஒரே பதிவில் எல்லாவற்றையும் அடைத்தால் எதுவும் நிற்காது.

இனி அந்தத் "திட்ட மாட்டேன்" வரி. என்னைக் கேட்டால் மொத்தப் பதிவிலும் பண மதிப்பு அதிகமான வரி அதுதான், அதைத் தூக்கிவிடாதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று, மின்னணு மோசடியில் யார் நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று பிரித்திருக்கிறது. வங்கி மேலும் தவறு இல்லை, வாடிக்கையாளர் மேலும் தவறு இல்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. ஆனால் எண்ணை அவரே சொல்லிவிட்டார் என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க அவர் தலையில்தான். தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. ஆக எண்ணைச் சொன்ன பிறகு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. அந்த நிமிடங்களைத்தான் பெரியவர்கள் வெட்கத்தில் கழிக்கிறார்கள். பையன் என்ன சொல்வானோ, மருமகள் என்ன நினைப்பாளோ என்று ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குள் இரண்டாவது முறையும் பணம் எடுத்திருப்பான். "இவ்வளவு சொல்லியும் ஏன் கொடுத்தீங்க" என்று நாம் முன்னால் ஒருமுறை யாரையோ கத்தியிருந்தால் அது அவர்கள் நினைவில் இருக்கும்.

சொல்லிவிட்டார் என்று போன் வந்தால் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: முதலில் வங்கியின் அவசர எண்ணில் கார்டையும் இணைய வங்கியையும் முடக்கச் சொல்வது, புகார் எண்ணை வாங்கிக்கொள்வது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் 1930க்குப் பேசட்டும். கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண், கூப்பிட்டவன் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள், அதனால் எந்த மெசேஜையும் அழிக்கக் கூடாது என்று பெரியவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1930இல் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே இன்னும் இருக்கிற தொகையை நிறுத்திவைப்பார்கள். இவன்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை, அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் நிறுத்திவைக்க ஒன்றும் இருக்காது. பிறகு cybercrime.gov.in தளத்தில் எழுத்துப் புகாரையும் பதிய வேண்டும். சேலம் மாநகருக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியாக சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, ஏற்காடு மாவட்டக் காவல்துறையின் கீழ் வரும்.

அனுப்பும் விதத்தில் ஒரு விஷயம். இந்த வசனத்தை ஒருவர் பதிந்து நூறு குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்தால் பாதிப் பலன் போய்விடும், யாரோ ஒருவர் குரலாகிவிடும். அவரவர் வீட்டுக்கு அவரவர் பேச வேண்டும், தனிப்பட்ட முறையில், முறை சொல்லிக் கூப்பிட்டு. அனுப்பின அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்யுங்கள்: கொஞ்ச நேரம் கழித்துச் சாதாரணமாகப் போன் போட்டு, "பேங்க்ல இருந்து பேசறேன்னு எவனாச்சும் கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "வச்சுடுவேன்" என்று வந்தால் போதும். "ஓடிபி சொல்ல மாட்டேன்" என்று வந்தால் பதிவு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், அவர் பழைய பாடத்தையே ஒப்பிக்கிறார்.

சாதா பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸப் கிடையாது, ஆனால் வங்கி எண் அந்தப் போனுக்கும் வரத்தான் செய்யும், அவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு நேராகக் கூப்பிட்டு இதே வசனத்தைச் சொல்லுங்கள், ஊருக்குப் போகும்போது மளிகைக் கடைக் காலண்டரில் 1930ஐப் பெரிய எண்ணில் எழுதிவிட்டு வாருங்கள். இணையத்தில் எதுவுமே வாங்காதவர் என்றால் அடுத்த முறை கிளைக்குக் கூட்டிப் போகும்போது அந்த ஏடிஎம் கார்டின் இணையப் பயன்பாட்டை நிறுத்தி, இணைய வங்கி வசதி வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிடலாம், அது முடியுமா என்று கிளையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.